நீக்கியது ஒருவர், காணாமல் போனது எல்லோருக்கும்

மதுரையில் அக்கா, சென்னையில் தம்பி, சிங்கப்பூரில் தங்கை. அக்கா வீட்டில் இருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இதய மருத்துவர், கண் பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்று தேதிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் அக்கா தன் கூகுள் காலண்டரில் ‘அம்மா’ என்று தனியாக ஒரு காலண்டர் உருவாக்கிப் போட்டுவைத்து, தம்பிக்கும் தங்கைக்கும் பகிர்ந்திருக்கிறார். ஒவ்வொரு தேதிக்கும் முதல் நாள் ஒரு மணியோசை, அன்று காலை இன்னொன்று. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவரே அக்காதான் என்பதால் அவருக்கு இந்த மணி தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியில் உட்கார்ந்து அமைப்புகளைத் திறக்கிறார், ‘அம்மா’ காலண்டரைத் தேர்ந்தெடுக்கிறார், பக்கத்தின் அடியில் Remove calendar என்ற பகுதியைப் பார்க்கிறார். அதில் Delete என்ற பொத்தான். தன் போனிலிருந்து போய்விடும் என்று நினைத்து அழுத்துகிறார்.

சிறிது நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப்பில் தம்பியின் செய்தி: “அக்கா, அம்மாவோட கண் செக்கப் வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா? என் போன்ல ஒண்ணுமே காணோம்.”

இது ஒரு கற்பனைக் குடும்பம். ஆனால் நடந்த ஒவ்வொன்றும் கூகுள் காலண்டர் வேலை செய்கிற விதத்தின்படியே நடந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் கூட்டத் தேதிகள், பள்ளிப் பேருந்துக்கான பெற்றோர் முறை, நாடகக் குழுவின் ஒத்திகை என்று பலர் சேர்ந்து ஒரே காலண்டரைப் பார்க்கும் எந்த இடத்திலும் இது நேரலாம். அக்காவின் கையில் இருந்தது தன் போனைச் சுத்தம் செய்யும் பொத்தான் அல்ல என்பதை எந்த மணியோசையும் அவருக்குச் சொல்லியிருக்காது.

பகிரப்பட்ட ஒரு கூகுள் காலண்டர் உண்மையில் இரண்டு பொருள்களாக இருக்கிறது. ஒன்று, காலண்டரே. நிகழ்ச்சிகள், அவற்றின் நேரம், இடம், குறிப்பு எல்லாம் கூகுளின் கணினிகளில் ஒரே ஒரு பிரதியாக, அதை உருவாக்கியவரின் கணக்கோடு சேர்ந்து இருக்கின்றன. இன்னொன்று, ஒவ்வொருவரின் பட்டியலிலும் அந்தக் காலண்டருக்கு உள்ள ஒரு பதிவு. இடதுபக்கம் வண்ணச் சதுரத்தோடு தெரிகிறதே, அது இந்தப் பதிவுதான். தம்பி அதற்குப் பச்சை நிறம் கொடுத்திருக்கலாம், தங்கை ஊதா கொடுத்திருக்கலாம். நிகழ்ச்சிக்கு எத்தனை மணி நேரம் முன்னால் ஒலிக்க வேண்டும் என்பதும் அவரவர் பதிவில் இருப்பதே; ஒருவர் மாற்றினால் மற்றவருக்கு மாறாது.

கூகுள் காலண்டருக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். அவர்களுக்கு இவை இரண்டும் தனித்தனிக் கட்டளைகள்: பட்டியலிலிருந்து எடுப்பது `CalendarList: delete`, காலண்டரையே அழிப்பது `Calendars: delete`. சாதாரணப் பயனாளருக்கோ இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அவருக்குள்ள அதிகாரத்தைப் பொறுத்து அங்கே Unsubscribe, Delete என்ற பொத்தான்கள் தென்படும். தெரு முனையில் இருக்கும் அறிவிப்புப் பலகையை இனிப் பார்ப்பதில்லை என்று ஒருவர் முடிவு செய்வதற்கும், பலகையைப் பெயர்த்து எடுத்துப் போவதற்கும் உள்ள தூரம் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கிறது.

அக்காவுக்குப் பதில் தம்பி இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பகிரப்பட்டவர் என்ற முறையில் அவர் Unsubscribe அழுத்தியிருப்பார். அவருடைய பட்டியலிலிருந்து ‘அம்மா’ மறைந்திருக்கும். அவர் அதே கணக்கில் நுழைந்திருக்கும் போன், டேப்லெட், அலுவலகக் கணினி எல்லாவற்றிலும் சேர்ந்தே மறைந்திருக்கும், ஏனென்றால் பட்டியல் கணக்குக்குச் சொந்தமானது, கருவிக்கு அல்ல. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு புள்ளியும் மாறியிருக்காது. மனம் மாறினால், முதலில் வந்த அழைப்பு மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தலாம், அல்லது அக்காவிடம் மறுபடி பகிரச் சொல்லலாம். நிகழ்ச்சிகள் எல்லாம் அப்படியே திரும்ப வரும், ஏனென்றால் அவை எங்கும் போகவில்லை.

ஆனால் அழுத்தியவர் காலண்டரின் உரிமையாளர், அழுத்தியது Delete. இப்போது கூகுளின் கணினிகளில் இருந்த அந்த ஒரே பிரதிக்கே நீக்கம். பகிர்ந்திருந்த எல்லோருடைய பட்டியலிலும் இருந்த பதிவுகள் எதையும் சுட்டாமல் போகின்றன, அவர்களின் கருவிகள் அடுத்த முறை கூகுளோடு பேசும்போது தங்களிடமிருந்த நகலையும் துடைத்துவிடுகின்றன.

இந்த ‘அடுத்த முறை’ என்பதை நன்றாகக் கவனிக்க வேண்டும். போனில் இருக்கும் காலண்டர் செயலி ஒவ்வொரு முறையும் இணையத்தைக் கேட்டு நிகழ்ச்சிகளைக் காட்டுவதில்லை. ஒரு நகலைப் போனுக்குள் வைத்திருக்கிறது. இணைப்பு கிடைக்கும்போது சர்வரோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்கிறது. அதனால்தான் விமானத்தில் இருந்தாலும் அடுத்த வாரக் கூட்டம் எப்போது என்று பார்க்க முடிகிறது. தம்பியின் ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் சொந்தச் செயலி இருந்ததால் செய்தி உடனே போய்ச் சேர்ந்தது. தங்கை வைத்திருப்பது ஐபோன். அதிலும் ஆப்பிளின் காலண்டர் செயலியில் கூகுள் கணக்கைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார். அது கூகுளிடம் இடைவெளி விட்டு விட்டுத்தான் கேட்கும்: 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அரை மணிக்கு ஒருமுறை, மணிக்கு ஒருமுறை, அல்லது செயலியைத் திறக்கும்போது மட்டும் என்று அமைப்பில் வைத்திருப்பதைப் பொறுத்து. ஆகவே தம்பியின் போன் காலியான பிறகும் தங்கையின் போனில் அம்மாவின் தேதிகள் கொஞ்ச நேரம் இருந்திருக்கும்.

அந்தக் கொஞ்ச நேரம் விலைமதிப்புள்ளது. இப்படி ஒரு விபத்து நடந்ததும் குடும்பத்தினர் செய்ய வேண்டிய முதல் வேலை, இன்னும் தேதிகள் தெரியும் கருவி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்பது. இருந்தால் அதைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே விமான நிலைக்கு மாற்ற வேண்டும். செயலியைத் திறந்தாலே அது இணையத்தோடு பேசத் தொடங்கிவிடும். பேசினால் நகல் போய்விடும். இணைப்பைத் துண்டித்த பின் நிதானமாக ஒவ்வொரு மாதமாகத் திரைப்படம் எடுத்துக்கொள்ளலாம், அதாவது ஸ்க்ரீன்ஷாட். பல நாள் அணைந்து கிடக்கும் பழைய டேப்லெட்கூட இந்த நேரத்தில் உதவும். ஆனால் அதை இயக்குவதற்கு முன் வீட்டு வைஃபையை அணைத்துவிட வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு தவறும் உண்டு, அது இன்னும் சத்தமில்லாமல் நடக்கிறது. Unsubscribe எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதவர், தன் போனில் தெரியும் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகத் திறந்து குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்திக்கொண்டே போவார். காலண்டரைப் பகிரும்போது நான்கு வகை அனுமதிகளில் ஒன்றைக் கொடுக்கலாம்: நேரம் காலியா இல்லையா என்று மட்டும் பார்ப்பது, விவரங்களைப் பார்ப்பது, நிகழ்ச்சிகளை மாற்றுவது, மாற்றுவதோடு பகிர்வையும் நிர்வகிப்பது. முதல் இரண்டு வகையினரால் எதையும் அழிக்க முடியாது. மூன்றாம் வகையான Make changes to events கொடுக்கப்பட்டவர் ஒரு நிகழ்ச்சியை அழித்தால், அது எல்லோருக்கும் அழிந்தது. அவர் காலண்டரை நீக்கவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் அக்காவின் திரையில் இதய மருத்துவர் இருக்க மாட்டார்.

நல்ல வேளையாக இந்த வகைச் சேதத்துக்கு மீட்பு இருக்கிறது. கூகுள் காலண்டரில் தனித்தனியாக அழித்த நிகழ்ச்சிகள் 30 நாள் Trash என்ற இடத்தில் இருக்கும். கணினியில் பற்சக்கரப் படத்தை அழுத்தினால் அது தெரியும். அந்தக் காலண்டரில் மாற்றம் செய்யும் அனுமதி உள்ள யாரும் அங்கிருந்து நிகழ்ச்சியைத் திருப்பி எடுக்கலாம். எனவே, ‘காலண்டர் பெயர் பட்டியலில் இருக்கிறது, உள்ளே நிகழ்ச்சி இல்லை’ என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் Trash. ‘பெயரே இல்லை’ என்றால் கேள்வி வேறு: எனக்கு மட்டும் இல்லையா, எல்லோருக்கும் இல்லையா? இன்னொருவரிடம் ஒரு போன் செய்து கேட்டால் தெரிந்துவிடும். அவரிடம் இருந்தால் நீங்கள் விலகியிருக்கிறீர்கள், அல்லது உங்கள் அனுமதி எடுக்கப்பட்டிருக்கிறது. யாரிடமும் இல்லையென்றால் காலண்டரே போயிருக்கிறது. தனி நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் இந்த 30 நாளை, Delete அழுத்திய முழுக் காலண்டருக்கும் கிடைக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. அந்த நீக்கத்தை நிரந்தரம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

யாரும் எதையும் அழுத்தாமலே காலண்டர் போகும் வழியும் ஒன்று இருக்கிறது. காலண்டர் அதை உருவாக்கிய கணக்கைச் சார்ந்தது. அந்தக் கணக்கை அழித்தால் காலண்டரும் போகும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் கொள்கையைக் கூகுள் 2023-இல் அறிவித்தது. அதன்படி அழியும் பொருள்களில் காலண்டரும் அடங்கும். ‘எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்’ என்று ஒரு புது ஜிமெயில் முகவரியைத் தொடங்கி, அதில் காலண்டரை உருவாக்கிப் பகிர்ந்துவிட்டு, பிறகு அந்த முகவரிக்குள் யாருமே நுழையாமல் விட்டிருக்கும் சங்கங்களும் குழுக்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது ஒரே பிரதியைப் பலர் பார்க்கும் கதை. காலண்டரில் உண்மையான நகல்கள் உண்டாகும் இடங்களும் இருக்கின்றன. அங்கே விதி மாறுகிறது.

ஒரு நிகழ்ச்சிக்குள் ஒருவரின் மின்னஞ்சலை விருந்தினராகச் சேர்த்தால், அவருக்கு ஓர் அழைப்பு போகும். அந்த நிகழ்ச்சி அவருடைய சொந்தக் காலண்டரில் தனியாக உட்காரும். அப்படி அழைக்கப்பட்டவர் பகிரப்பட்ட காலண்டரிலிருந்து விலகினாலும், தன் காலண்டரில் உட்கார்ந்த அந்த நிகழ்ச்சி அப்படியே இருக்கும். ‘விலகிவிட்டேன், ஆனாலும் ஒத்திகை இன்னும் தெரிகிறதே’ என்று குழம்புகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். அவர் பார்ப்பது பகிர்வு அல்ல, அழைப்பு. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் ஆகியவை ஒன்றோடொன்று அழைப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொது வழக்கம் இருக்கிறது. அதன்படி, ஒரு நிகழ்ச்சி ரத்தானால் அமைப்பாளர் பக்கத்திலிருந்து `METHOD:CANCEL` என்ற வரியோடு ஒரு ரத்துச் செய்தி போக வேண்டும். அது போய்ச் சேராதவரை, வேறு நிறுவனத்தின் காலண்டரில் இருக்கும் விருந்தினரின் நகலுக்கு நிகழ்ச்சி ரத்தானதே தெரியாது. ஆகவே உண்மையிலேயே ஒரு குழுவை மூடுகிறவர், காலண்டரை அழிப்பதற்கு முன்பு வரப்போகும் நிகழ்ச்சிகளை முறையாக ரத்து செய்து, விருந்தினர்களுக்கு அறிவிப்பு அனுப்பிவிட்டு, அதன் பிறகு காலண்டருக்கு வருவதுதான் சரி. இல்லாவிட்டால் யாரும் நடத்தாத கூட்டத்துக்கு யாராவது ஒருவர் வந்து நிற்பார்.

இரண்டாவது நகல், இறக்குமதி. .ics என்று முடியும் காலண்டர் கோப்பு ஒன்றை Import வழியாகச் சேர்த்தால், அந்த நிமிடத்தில் கோப்பில் இருந்தவை உங்கள் காலண்டரில் பிரதியாக விழும். அதன் பிறகு மூலத்துக்கும் உங்களுக்கும் தொடர்பு இல்லை. மூலத்தை அழித்தாலும் உங்களுடையது இருக்கும். மூலத்தில் தேதி மாறினாலும் உங்களுடையது மாறாது. பள்ளி அனுப்பிய ஆண்டு அட்டவணைக் கோப்பைத் தன் முதன்மைக் காலண்டரில் இறக்கிக்கொண்ட பெற்றோருக்கு, பிறகு அது வேண்டாம் என்றால் விலகும் பொத்தானே கிடையாது. விலகுவதற்கு எதுவும் இல்லை. ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதுதான். இறக்குவதற்கு முன்பு ஒரு புதுக் காலண்டரை உருவாக்கி அதற்குள் இறக்கியிருந்தால், அந்தக் காலண்டரை ஒரே அழுத்தில் நீக்கலாம். அங்கே Delete அழுத்துவது முற்றிலும் பாதுகாப்பானது, ஏனென்றால் அது அவர் ஒருவருடைய பிரதி.

மூன்றாவதாக, முகவரி வழியாகச் சந்தா சேர்வது. விடுமுறை நாள்கள், கிரிக்கெட் போட்டி அட்டவணை போன்றவை பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. இங்கே பார்ப்பவருக்கு அழிக்கும் அதிகாரமே இல்லை. தனி நிகழ்ச்சியைக்கூட நீக்க முடியாது. வெளியிடுகிறவர் மாற்றினால், பார்ப்பவரின் செயலி மறுபடி போய்ப் படிக்கும்போது மாற்றம் வரும். கூகுளில் இதற்கு 12 மணி நேரம்கூட ஆகலாம். ஐபோனில் ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று காலண்டர் வழியாக வரும் போலி எச்சரிக்கைகளும் இந்த வகைதான்: ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் தெரியாமல் அழுத்தியதால் சேர்ந்த சந்தா. அதில் நிகழ்ச்சியை அழிக்க முயன்று தோற்றவர்கள், நிகழ்ச்சியைத் திறந்து அடியில் இருக்கும் Unsubscribe from this Calendar என்பதை அழுத்தினால் எல்லாம் ஒரேயடியாகப் போகும். இதில் வேறு யாருக்கும் எதுவும் இழப்பில்லை.

ஆப்பிளின் ஐகிளவுடில் பகிர்ந்த காலண்டருக்கும் அடிப்படை விதி இதுவே: உரிமையாளர் அழித்தால் எல்லோருக்கும் போகும், பங்கேற்பவர் விலகினால் அவருக்கு மட்டும் போகும். ஆனால் அங்கே மீட்க ஒரு கதவு இருக்கிறது. உரிமையாளர் கணினியில் icloud.com பக்கத்துக்குப் போய், Data Recovery என்ற பகுதியில் Restore Calendars என்பதைத் திறந்தால், கடந்த 30 நாள்களில் சேமிக்கப்பட்ட பழைய நிலைகள் தேதியோடு தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீட்கலாம். இதற்கு விலையும் உண்டு, அதைத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும். மீட்கப்படுவது அந்த ஒரு காலண்டர் மட்டுமல்ல. அந்த நாளில் இருந்த எல்லாக் காலண்டர்களும், இப்போது இருப்பவற்றுக்குப் பதிலாக வந்து உட்காரும். பகிர்வு விவரங்கள் அழிந்துவிடும், எல்லோருக்கும் மறுபடி பகிர வேண்டும். அழைப்புள்ள நிகழ்ச்சிகள் ரத்தாகி மறுபடி உருவாவதால், விருந்தினர்களுக்கு முதலில் ரத்து, பிறகு புது அழைப்பு என்று மின்னஞ்சல்கள் வரும். முன்கூட்டியே குழுவில் ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் பதற மாட்டார்கள்.

மதுரை அக்காவுக்குத் தேவைப்பட்டது இவற்றில் எதுவுமே அல்ல. அவருடைய குறை மணியோசை மட்டும்தான். அதே அமைப்புப் பக்கத்தில், Delete-க்கு மேலே Event notifications என்ற பகுதி இருந்தது. அதில் உள்ள அறிவிப்புகளை எடுத்திருந்தால் அவருடைய போன் மட்டும் அமைதியாகியிருக்கும். தம்பிக்கும் தங்கைக்கும் அவரவர் மணி ஒலித்திருக்கும். திரையிலும் தேதிகள் வேண்டாம் என்றால், இடதுபக்கப் பட்டியலில் ‘அம்மா’ பெயருக்கு முன்னால் உள்ள சதுரத்தின் குறியை எடுத்தால் போதும். உரிமையாளர் ஒருவர் தன் கண்ணுக்கு மட்டும் ஒரு காலண்டரை மறைக்க விரும்பினால் அதுதான் வழி. அழித்தே தீர வேண்டும் என்றாலும், அதே பக்கத்தில் உள்ள Export calendar வழியாக .ics கோப்பாக ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

அந்தப் பிரதியை ஒரு வகையில் தம்பி வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அலுவலகக் கணக்கிலும் அம்மாவின் தேதிகள் தெரிய வேண்டும் என்று, அக்காவிடம் கோப்பைக் கேட்டு வாங்கி அங்கே இறக்கியிருந்தார். அது இறக்குமதி என்பதால் அக்கா அழித்தது அதைத் தொடவில்லை. ஆனால் அதே காரணத்தால் அது இரண்டு மாதப் பழையது. இதய மருத்துவர், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. கண் பரிசோதனை வியாழக்கிழமை என்று இருந்தது. தங்கை விமான நிலையில் வைத்து எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டிலோ வெள்ளிக்கிழமை. நடுவில் அக்கா தேதியை மாற்றியிருக்கிறார். பழைய கோப்பு, புதிய படம் என்று இரண்டு சாட்சிகள் முரண்பட்டால், கடைசியாகச் சர்வரோடு பேசிய கருவி சொல்வதைத்தான் நம்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளவும் வேண்டும்.

பிறகு நடந்தது எளிய வேலை. அக்கா புதிதாக ஒரு காலண்டரை உருவாக்கி, தம்பி அனுப்பிய கோப்பை அதற்குள் இறக்கி, தேதிகளைத் தங்கையின் படங்களோடு ஒப்பிட்டுத் திருத்தி, மறுபடி பகிர்ந்தார். கூகுளைப் பொறுத்தவரை இது முற்றிலும் வேறு காலண்டர். அதனால் தம்பியும் தங்கையும் மறுபடி சேர வேண்டியிருந்தது, நிறங்களையும் அறிவிப்பு நேரங்களையும் புதிதாக வைக்க வேண்டியிருந்தது. தங்கையின் ஐபோனில் மட்டும் பகிர்ந்த பிறகும் காலண்டர் தென்படவில்லை. ஆப்பிளின் செயலியில் எந்தெந்தப் பகிர்ந்த கூகுள் காலண்டர்கள் வர வேண்டும் என்பதைக் கூகுளின் calendar.google.com/calendar/syncselect என்ற பக்கத்தில் தனியாகக் குறியிட வேண்டும். அந்தச் சதுரத்தில் குறியிட்டுச் சேமித்த பிறகு, அடுத்த முறை போன் கூகுளிடம் கேட்டபோது அம்மாவின் வெள்ளிக்கிழமை அங்கேயும் வந்து சேர்ந்தது.